எட்டு போட்டுத் தொடங்கும் சாக்ஸ்: விரல் நுனியில் புடைப்பு, எங்கே தப்பு?

மியூனிக் கீதா

வணக்கம். ஆறு வருஷமா ஸ்கார்ஃப், தொப்பின்னு ஓட்டிட்டு இருந்தேன். இந்தக் குளிருக்கு முதல் தடவையா சாக்ஸ். விரல் நுனியிலிருந்து மேலே பின்னிட்டுப் போற முறை. இங்கே கடையில கிடைக்கிற நாலு இழை சாக்ஸ் நூல்தான், நூறு கிராம் 420 மீட்டர். 2.5 மி.மீ. சர்குலர் ஊசி, மேஜிக் லூப்.

ரெண்டு ஊசியையும் சேர்த்துப் பிடிச்சு, நூலை எட்டு வடிவத்துல சுத்தித் தொடங்கினேன். ஊசிக்குப் பத்து, மொத்தம் இருபது கண்ணி. சுத்தறது சுலபமாத்தான் இருந்துச்சு. பாதம் வரை பின்னிட்டுத் திருப்பிப் பார்த்தா நுனியில மூணு கோளாறு.

நடுவுல ஒரு வரிசை முழுக்க சல்லடை மாதிரி ஓட்டை. சரி, நூல் தளர்ந்திருக்குன்னு வால் நூலைப் பிடிச்சு நல்லா இழுத்தேன். ஒரு பக்கம் மட்டும் சுருங்கி கொண்டைக்கடலை மாதிரி உருண்டு நிக்குது, மிச்ச ஓட்டையெல்லாம் அப்படியே இருக்கு. போதாக்குறைக்கு ஒரு பக்கத்துக் கண்ணிகள் எல்லாம் கால் மேல கால் போட்டு உட்கார்ந்த மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்கு. ஷூவுக்குள்ள போட்டா சுண்டுவிரல்கிட்ட அந்தக் கடலை குத்துது.

நுனி மேடு இல்லாம மூடறதுக்கு என்ன வழி? அவிழ்த்துட்டு ரெண்டாவது தடவை தொடங்கப் போறேன்.

குன்னூர் லில்லி

மேடு இல்லாம மூடணும்னா கிச்னர் தையல்தான் கீதா. எங்க ஸ்கூல்ல சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது, இன்னிக்கும் கை மறக்கலை. ஊசிக்கு எட்டுக் கண்ணி மிச்சம் இருக்கும்போது நூலை வெட்டி, மழுங்கின தையல் ஊசியில கோத்துக்கோ. முன் ஊசியில முதல் கண்ணியை நிட் மாதிரி எடுத்துக் கழட்டு, அடுத்ததை பர்ல் மாதிரி எடுத்து அப்படியே விடு. பின் ஊசியில அதுக்கு நேர்மாறு. கடைசிவரை இப்படியே போனா எங்கே மூடினோம்னே தெரியாது. மூணு தையல் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுறவங்க சாக்ஸ்லதான் மேடு வரும்.

மியூனிக் கீதா

ஆன்ட்டி, நன்றி. ஆனா நான் மேலே கணுக்காலிலிருந்து கீழே வரலை. நுனியிலதான் தொடக்கமே. அதனால கடைசியில மூட ஒண்ணும் இருக்காது, தொடங்கும்போதே மூடியிருக்கணும். அந்தத் தொடக்கம்தான் எனக்கு உதைக்குது.

குன்னூர் லில்லி

ஓ, தலைகீழா! நான் சரியாப் படிக்கலை. எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது. இங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன், சொல்லுங்க.

பின்னல் பிரியன்

முறுக்கு வர்றதுக்குக் காரணம் எளிது. எட்டு போட்டா கண்ணிகள் ஊசியில தப்பான பக்கமாத் திரும்பி உட்காரும். முதல் சுற்றுல இருபது கண்ணியையும் பின் கால் வழியா நிட் பண்ணுங்க, முறுக்கு போயிடும். அப்புறம் நூலோட ஆரம்பத்துல ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டுத் தொடங்குங்க, தளர்ச்சி வராது. ஊசியையும் ஒரு சைஸ் குறைச்சு 2 மி.மீ.ல சுத்துங்க. நான் அப்படித்தான் பண்றேன்.

திருப்பூர் பனியன்காரன்

எனக்குக் கைப்பின்னல் தெரியாதுங்க, சாக்ஸ் மெஷின்ல பதினஞ்சு வருஷம். எங்களுக்கும் இதே தலைவலிதான். மெஷின் குழாய் மாதிரித்தான் இறக்கும், விரல் பக்கம் திறந்து கிடக்கும். அதைச் சாதாரணமாத் தைச்சா உள்ளே ஒரு கயிறு மாதிரி மேடு ஓடும். கண்ணிக்குக் கண்ணி கோத்து லிங்கிங் பண்ணினாத் தட்டையா வரும், ஆனா ஆள் கூலி ஏறும். விலை குறைஞ்ச சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்க, அந்தக் கயிறு இருக்கும். நீங்க தைக்கவே வேண்டாம்ங்கிறது கேக்கறதுக்கே பொறாமையா இருக்குது.

ஒஸ்லோ தேவி

கீதா, உங்கட மூண்டு கோளாறுக்கும் மூண்டு வேற காரணம். ஒண்டொண்டாய்ப் பாப்பம்.

முதல் முறுக்கு. பிரியன் சொன்னது பாதி சரி. எட்டுப் போடேக்க ஒரு ஊசியிலதான் கண்ணி மாறி இருக்கும், மற்ற ஊசியில ஒழுங்காய்த்தான் இருக்கும். இருபதையும் பின் காலால பின்னினால் இப்ப நேராய் இருக்கிற பத்தும் முறுகிப் போகும். முறுக்கு ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் போகுமே தவிர, இல்லாமல் போகாது.

எந்த ஊசி எண்டது நீங்கள் சுத்தின திசையைப் பொறுத்தது. நான் சுத்திறது இப்பிடி. ரெண்டு ஊசியையும் ஒண்டுக்கு மேல ஒண்டாய் இடது கையில பிடிக்கிறன், முனை வலது பக்கம். வால் நூல் இடது பக்கத்தில, முன்னுக்குத் தொங்கும். ஒரு சாண் விட்டால் போதும். நூலை ரெண்டு ஊசிக்கும் நடுவால பின்னுக்குக் கொண்டு போய், மேல் ஊசிக்கு மேலால முன்னுக்கு எடுக்கிறன். திரும்ப நடுவால பின்னுக்கு. இப்ப கீழ் ஊசிக்குக் கீழால முன்னுக்கு. திரும்ப நடுவால பின்னுக்கு. இப்பிடியே முனைப் பக்கமாய் நகர்ந்து போறது. ஞாபகம் வைக்க ஒண்டு மட்டும்: நடுவால போகேக்க எப்பவும் முன்னுக்கிருந்து பின்னுக்குத்தான். கடைசிச் சுத்து கீழ் ஊசியில முடிய வேணும். மேல் ஊசியில முடிஞ்சால், பின்னத் தொடங்கேக்க அது கழண்டு போகும்.

இப்பிடிச் சுத்தினால் மேல் ஊசியில கண்ணியின்ர வலது கால் முன்னுக்கு இருக்கும். அதைச் சாதாரணமாய்ப் பின்னலாம். பிறகு திருப்பிப் பிடிச்சுக் கீழ் ஊசிக்கு வந்தால், வலது கால் பின்னுக்கு இருக்கும். அந்தப் பத்தை மட்டும் பின் காலால பின்னுங்கோ. நீங்கள் வேற திசையில சுத்திறனீங்கள் எண்டால் இது மாறி வரும். பின்ன முதல் கண்ணியைக் குனிஞ்சு பாருங்கோ, எந்தக் கால் வலது பக்கம் நிக்குதோ, அது முன்னுக்கு இருந்தாலும் பின்னுக்கு இருந்தாலும், அந்த வழியாய் ஊசியை விடுங்கோ.

சுருக்கு முடிச்சு வேண்டாம். உங்கட நுனிக்கு ஒரு கடலை போதும், அந்த முடிச்சு ரெண்டாவதாய் வரும். பிறகு அதை அவிழ்க்கவும் ஏலாது.

மியூனிக் கீதா

தேவி அக்கா, ஒரு சந்தேகம். முடிச்சே இல்லாட்டி வால் பக்கத்துக் கண்ணி நழுவிடாதா? முதல் தடவை எனக்கு ஒண்ணு காணாமப் போச்சு, பத்தொன்பதுதான் இருந்துச்சு. நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சு நடுவுல ஒண்ணு கூட்டிக்கிட்டேன்.

ஒஸ்லோ தேவி

தப்பாய் எண்ணேல்லை, உண்மையாவே நழுவினதுதான். மேல் ஊசியில முதல் போட்ட சுத்து வால் பக்கத்தில கிடக்கு. பின்னேக்க அதுதான் அந்த ஊசியின்ர கடைசி, பத்தாவது கண்ணி. அதைப் பிடிச்சு வைக்க வால் நூலைத் தவிர ஒண்டும் இல்லை. மேல் ஊசியைப் பின்னி முடியுமட்டும் வாலை இடது பெருவிரலுக்குக் கீழ அமத்தி வச்சிருங்கோ. கீழ் ஊசியின்ர முதல் கண்ணியைப் பின்னினாப் பிறகு கையை விடலாம்.

இப்ப ஓட்டையும் கடலையும். ரெண்டும் ஒரே விஷயம்தான். எட்டுப் போடேக்க ஒவ்வொரு சுத்துக்கும் நூல் ரெண்டு ஊசிக்கு நடுவால போகுது எல்லோ, அந்தத் துண்டு கண்ணிக்குத் தேவையானதை விட நீளம். ஊசியை உருவினவுடன அந்த மிச்சம்தான் ஓட்டையாய்த் தெரியுது. இருபது சுத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் கிடக்கு.

நீங்கள் வாலைப் பிடிச்சு இழுத்தீங்கள். கம்பளி நூல் ஒண்டோட ஒண்டு ஒட்டிப் பிடிக்கிற சாமான். இழுவை ரெண்டு மூண்டு கண்ணிக்கு மேல போகாது. அந்த மூண்டும் இறுகிக் கடலையாய்ப் போச்சு, மிச்சம் அசையவே இல்லை. மிச்ச நூலைத் தூரத்தில இருந்து வாலுக்குத் தள்ளிக்கொண்டு வரவேணும், வாலில இருந்து இழுக்கக் கூடாது.

மூண்டு நாலு சுற்றுப் பின்னினாப் பிறகு, பாதம் முடியுமட்டும் காத்திருக்காமல், இதைச் செய்யுங்கோ. சுற்றுத் தொடங்கின பக்கம், வாலுக்கு எதிர்ப் பக்கம், அதில முதல் தளர்ந்த கண்ணியை மெல்லிய ஊசி முனையால தூக்குங்கோ. பக்கத்து வரிசைக் கண்ணி அளவுக்கு வந்தவுடன நிப்பாட்டுங்கோ. மிச்சம் அடுத்த கண்ணிக்குப் போயிருக்கும். அடுத்தது எண்டது பக்கத்தில இருக்கிறது இல்லை, எதிர் ஊசிப் பக்கத்தில இருக்கிறது. எட்டாய்ச் சுத்தினதால நூல் மேல, கீழ, மேல, கீழ எண்டு கோணலாய்த்தான் ஓடும். அதே வழியால போங்கோ. கடைசியில மிச்சம் எல்லாம் வால் பக்கம் வந்து நிக்கும், அப்ப மெதுவாய் வாலை இழுத்து உள்ளுக்கு விடுங்கோ.

பின்னல் பிரியன்

பின் கால் விஷயத்துல என் தப்பை ஒத்துக்கறேன். என் பழைய சாக்ஸ் ஒண்ணை எடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் முறுகித்தான் இருக்கு. மூணு வருஷமா கவனிக்கலை. ஆனா சின்ன ஊசி விஷயத்துல விட்டுக்கொடுக்க மாட்டேன். 2 மி.மீ.ல சுத்தினா மிச்சமே குறைவாத்தான் வரும், இத்தனை கண்ணியைத் தள்ளிட்டு இருக்க வேண்டாம்.

ஒஸ்லோ தேவி

குறையும், இல்லாமல் போகாது. எனக்குச் சின்ன ஊசியில முதல் சுற்று பின்னிறது கை வலி. ஊசி முனை நுழையாமல் இழையைப் பிளக்கும். உங்களுக்கு ஒத்து வந்தால் செய்யுங்கோ, எனக்கு வேண்டாம்.

அம்முவின் அம்மா

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். என் அம்மாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை. பாதத்துல உணர்ச்சி குறைவு. கடைச் சாக்ஸ்ல அந்தத் தையல் கயிறு இருக்கே, திருப்பூர் சார் சொன்னது, அது சுண்டுவிரல்ல உரசிப் புண்ணாகி ஆறவே ஒரு மாசம் ஆச்சு. அம்மாவுக்கு உரசினதே தெரியலை. அதனால சாக்ஸைத் திருப்பிப் போட்டு விட்டுட்டு இருக்கேன், தையல் வெளியே இருக்கிற மாதிரி.

நானே பின்னித் தரலாம்னு பார்க்கிறேன். எட்டு நல்லதா, இல்லை ஜூடி முறைன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவா? நாங்க மதுரை. கம்பளி தாங்காது, பருத்தி நூல்தான்.

ஒஸ்லோ தேவி

ஜூடி பெக்கர் எண்டவ 2006ல நிட்டி இணைய இதழில போட்ட முறை அது. வால் நூல், பந்து நூல் ரெண்டையும் சேர்த்துச் சுத்திறது. போடேக்கயே ஒவ்வொரு கண்ணியும் இறுகி நிக்கும், பிறகு தள்ளிற வேலை இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில பர்ல் மேடு வரிசையாய் வரும். ஒழுங்காய்ப் பிடிச்சுத் தொடங்கினால் அது உள்ளுக்குப் போகும், மாறிப் பிடிச்சால் வெளியில வரும். உள்ளுக்கு இருந்தாலும் சாதாரணப் பின்னலின்ர உள்பக்கத்தை விடப் பெரிய மேடு இல்லை. எண்டாலும் உணர்ச்சி இல்லாத காலுக்கு எது பாதுகாப்பு எண்டு நான் சொல்ல மாட்டன். அதைப் பாதம் பாக்கிற டொக்டரிட்டக் கேளுங்கோ. போட்டுக் கழட்டினாப் பிறகு ஒவ்வொரு நாளும் விரலைப் பாருங்கோ.

பருத்தி வேற கதை. கம்பளிக்கு இருக்கிற இழுவை அதுக்கு இல்லை. எட்டுப் போட்டால் ஓட்டை இன்னும் பெரிசாய்த் தெரியும். தள்ளிறது லேசு, வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் தோய்ச்சாப் பிறகு திரும்பத் தளரும் எண்டு ஒரு சிநேகிதி சொன்னவ. நான் பருத்தியில ஒரு சோடிதான் பின்னியிருக்கிறன், அது ஜூடி முறை.

பின்னல் பிரியன்

நான் பருத்தியில எட்டு போட்டிருக்கேன். துவைச்சும் தளரலை. நூல்ல கொஞ்சம் நைலான் கலந்திருந்துச்சு, அதனாலயான்னு தெரியாது.

மியூனிக் கீதா

ரெண்டு ராத்திரி ஆச்சு. புதுசாத் தொடங்கினேன். முடிச்சு இல்லை, பெருவிரல் வால் மேலயே. மேல் ஊசி சாதாரணமா, கீழ் ஊசி பின் கால் வழியா. நாலு சுற்று முடிச்சுட்டு வால் இல்லாத பக்கத்திலிருந்து தள்ளினேன். முதல்ல நேரா பக்கத்துக் கண்ணியைத் தூக்கி ஏமாந்தேன், மிச்சம் அங்கே வரவே இல்லை. எதிர்ப் பக்கம் தூக்கினதும் சொல்லி வச்ச மாதிரி அங்கே பெருத்து நின்னுச்சு. கால் மணி நேரம் ஆச்சு. கடைசியில வால் பக்கம் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு நூல் வெளியே வந்தது. அவ்வளவு நூலும் முன்னாடி ஓட்டையா இருந்திருக்கு!

ஓட்டை போச்சு, கடலை போச்சு. ஆனா இப்போ நடுவுல ஒரு கோடு விறைப்பாத் தெரியுது. தடவினா விரலுக்குத் தட்டுப்படுது.

ஒஸ்லோ தேவி

அளவுக்கு மேல இறுக்கிப் போட்டீங்கள். நுனியை ரெண்டு கையாலயும் அகலவாக்கில இழுத்துப் பாருங்கோ. மேல் வரிசைகள் விரிய, நடு வரிசை மட்டும் விரியாமல் நிண்டால் அதுதான் கோடு. வாலை இன்னும் தைக்கேல்லை எண்டால் பயமில்லை. வால் பக்கத்தில இருந்து அதே கோணல் வழியால திரும்பிப் போங்கோ, ஒவ்வொரு கண்ணிக்கும் கொஞ்சம் நூல் திருப்பிக் குடுங்கோ. இந்தமுறை கண்ணை வைக்க வேண்டியது ஓட்டையில இல்லை, பக்கத்து வரிசைக் கண்ணியின்ர அளவில.

வாலைத் தைக்கேக்க நுனிக்குக் குறுக்கால கொண்டு போகாதேங்கோ, அது தனி மேடு. கண்ணி கூட்டின ஓரத்துக் கோடு மேல போகுது எல்லோ, அதன்ர உள்பக்கத்தால ஏத்தி விடுங்கோ.

குன்னூர் லில்லி

கண்ணி எப்படிக் கூட்டறீங்க? ஓரத்துலயே கூட்டினா ரெண்டு பக்கமும் காது மாதிரி நிக்குமே. ஸ்வெட்டர் கைக்குக் கூட்டும்போது எனக்கு வரும்.

மியூனிக் கீதா

எனக்கும் முதல் சாக்ஸ்ல காது இருந்துச்சு ஆன்ட்டி, கடலையைப் பார்த்ததுல அதைக் கவனிக்கலை. இந்தத் தடவை ஒவ்வொரு ஊசியிலயும் ரெண்டு ஓரத்திலும் ஒரு கண்ணி உள்ளே தள்ளிக் கூட்டினேன், சுற்றுக்கு நாலு.

என் கணக்கு சரியான்னு யாராவது பாருங்க. பாதச் சுற்றளவு 22 செ.மீ. சாக்ஸ் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும்னு பத்து சதவீதம் குறைச்சா 19.8. என் பின்னல் 10 செ.மீ.க்கு 30 கண்ணி, அதனால 60 கண்ணி. இருபதிலிருந்து அறுபதுக்கு நாற்பது கூட்டணும், அதாவது பத்துக் கூட்டல் சுற்று. முதல் மூணை அடுத்தடுத்து வச்சு 32 ஆக்கினேன், மிச்சம் ஏழை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று.

ஒஸ்லோ தேவி

சரி. முதல் சாதாச் சுற்றோட சேர்த்து 18 சுற்று வரும். அந்த நூலில 10 செ.மீ.க்கு 42 வரிசை எண்டால் நுனி 4.3 செ.மீ. அளவில முடியும். சின்ன விரல் வரை வந்தால் போதும்.

அடுத்தடுத்துக் கூட்டிறதை மூண்டோட நிப்பாட்டினது நல்லது. ஆறு ஏழு சுற்று அப்பிடிக் கூட்டினால் நுனி தட்டையாய் விரிஞ்சு, ஓரம் காதாய் எழும்பும். அம்மம்மாவுக்குப் பின்னிறவை, அகல விரல் உள்ளவை, பன்னிரண்டு பன்னிரண்டாய்த் தொடங்கினால் கூட்டல் குறையும், காதும் வராது.

அம்முவின் அம்மா

நான் பன்னிரண்டுலயே தொடங்கறேன் அக்கா. டாக்டர்கிட்ட அடுத்த வாரம் போறோம், அப்போ கேட்டுட்டு வந்து எழுதறேன். பருத்தியில ரெண்டு நுனி மட்டும் பின்னி, ஒண்ணு எட்டு ஒண்ணு ஜூடி, அஞ்சு தடவை துவைச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன்.

திருப்பூர் பனியன்காரன்

துவைச்சதுக்கு அப்புறம் போட்டோ போடுங்கம்மா. பிரியன் தம்பி சொல்றதா, அக்காவோட சிநேகிதி சொல்றதான்னு பார்த்துடலாம்.

மியூனிக் கீதா

நூலைத் திருப்பிக் கொடுத்தேன். கோடு மறைஞ்சுடுச்சு. கண்ணை மூடிட்டுத் தடவினா எங்கே தொடங்கினேன்னு சொல்ல முடியலை. வால் பக்க மூலையில மட்டும் ஒரு சின்ன ஓட்டை இருக்கு, ஊசி மாறுற இடம். வாலைத் தைக்கும்போது அது வழியா ஒரு தடவை எடுத்துட்டுப் போனேன், மூடிக்கிச்சு.

குன்னூர் லில்லி

எனக்கும் ஆசை வந்து உட்கார்ந்தேன். 13ஆம் நம்பர் ஊசி ஜோடி, நீளமானது, பின்னாடி குமிழ் இருக்கும். எட்டு நல்லா வந்தது. மேல் ஊசியைப் பின்னிட்டேன், அப்புறம் கீழ் ஊசிக்குப் போனா முனை அந்தப் பக்கம் இருக்கு, இந்தப் பக்கம் குமிழ். எப்படிப் பின்னறது?

ஒஸ்லோ தேவி

குமிழ் ஊசியில இது ஏலாது அம்மா. ரெண்டு பக்கமும் முனை உள்ள ஊசி, இல்லாட்டி சர்குலர் வேணும். அதே 13ஆம் நம்பர், 2.25 மி.மீ., கிடைச்சால் அதையே எடுங்கோ.

குன்னூர் லில்லி

ரெண்டு பக்கமும் கூர் இருக்கிற ஊசி நாலு, பழைய பிஸ்கட் டின்ல இருந்த ஞாபகம். அந்த டின்னை யாரு எங்கே வச்சாங்கன்னுதான் தெரியலை. தேடறேன்.